காசநோய்ப் பரிசோதனை: இருமல் இல்லாதவருக்கு எக்ஸ்ரே ஏன்? எக்ஸ்ரேக்குப் பிறகு சளி ஆய்வு ஏன்?

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் பணிபுரிபவர், நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர், சேலத்தில் காசநோயாளி ஒருவருடன் ஒரே வீட்டில் வசிப்பவர் ஆகியோர் காசநோய் கண்டறியும் முகாமுக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "எனக்கு இருமலே இல்லையே, எதற்கு எக்ஸ்ரே?" என்பது ஒன்று. "எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று சொல்லிவிட்டீர்களே, பிறகு எதற்குச் சளி ஆய்வு?" என்பது மற்றொன்று. பரிசோதனைகளை இணைக்கும் முறையில்தான் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை உள்ளது.

பரிசோதனையின் இரு அளவுகோல்கள்

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை ஒரு பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது அதன் உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை அது சரியாக விலக்குகிறது என்பது அதன் தனித்தன்மை. உணர்திறன் குறைந்தால் நோயாளிகள் தவறவிடப்படுவர். தனித்தன்மை குறைந்தால் நோயில்லாதவர்கள் வீணாக அஞ்ச நேரிடும். தேவையற்ற சிகிச்சைக்கும் ஆளாகக்கூடும்.

இணை முறை: இரண்டில் ஒன்று இருந்தாலே போதும்

முகாமில் முதலில் அறிகுறிகள் கேட்கப்படும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகியவை முக்கியமானவை. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படும். இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றில் ஐயம் எழுந்தாலும் அவர் அடுத்த கட்டத்திற்கு அனுப்பப்படுவார். இதுவே இணை முறை.

இம்முறையின் தேவையை 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு தெளிவாகக் காட்டியது. அதில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் தவறவிடப்பட்டிருப்பர்.

ஒரு கணக்கின் மூலம் இதனைப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. முகாமுக்கு வந்தவர்களில் 50 பேருக்குக் காசநோய் உள்ளது. 10,000 பேருக்கு இல்லை. அறிகுறி விசாரணை நோயாளிகளில் 60 விழுக்காட்டினரையும், எக்ஸ்ரே 90 விழுக்காட்டினரையும் கண்டுபிடிக்கிறது எனக் கொள்வோம். நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரை இரண்டுமே சரியாக விலக்குகின்றன.

அறிகுறிகளை மட்டும் கேட்டால் 50 நோயாளிகளில் 30 பேர் தெரியவருவர். 20 பேர் வீடு திரும்பிவிடுவர். அந்த 20 பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் மேலும் 18 பேர் தெரியவருவர். ஆக 48 பேர் கண்டறியப்படுவர். 2 பேர் மட்டுமே தவறுவர். 60 விழுக்காடாக இருந்த உணர்திறன் 96 விழுக்காடாக உயர்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நோயில்லாத 10,000 பேரில் 1,000 பேர் வேறு காரணத்தால் ஏற்பட்ட இருமல் போன்றவற்றால் ஐயத்திற்கு உள்ளாவர். எஞ்சிய 9,000 பேரில் 900 பேரின் எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். மொத்தம் 1,900 பேர். தனித்தன்மை 90 விழுக்காட்டிலிருந்து 81 ஆகக் குறைந்துவிட்டது. இப்போது ஐயத்திற்குரியவர்கள் 1,948 பேர்; அவர்களில் உண்மையான நோயாளிகள் 48 பேர் மட்டுமே. அதாவது, ஏறத்தாழ 40 பேரில் ஒருவர்.

எனவே, "எக்ஸ்ரேயில் நிழல் உள்ளது" என்பது நோய் உறுதியாகிவிட்டது எனும் செய்தியன்று. பாறைத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களின் நுரையீரலிலும், முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலிலும் இத்தகைய நிழல் தெரியக்கூடும்.

தொடர் முறை: முதலாவதில் ஐயம் எழுந்தால் மட்டுமே அடுத்தது

ஐயத்திற்குரிய 1,948 பேருக்கு மட்டும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் எனப்படும் சளி ஆய்வு செய்யப்படுகிறது. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணு உள்ளதா என்பதை இது பார்க்கிறது. முதல் கட்டத்தைத் தாண்டி, இரண்டாவதிலும் நோய் தெரிந்தால்தான் நோய் உறுதி எனக் கொள்ளப்படும். இதுவே தொடர் முறை.

48 நோயாளிகளில் 42 பேரின் சளியில் கிருமி தெரிகிறது என வைத்துக்கொள்வோம். நோயில்லாத 1,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 19 பேருக்குத் தவறாக 'உள்ளது' என வரும். மொத்தம் 61 பேருக்கு நோய் உள்ளதாக முடிவு வரும். அவர்களில் 42 பேர் உண்மையான நோயாளிகள். நாற்பதில் ஒன்றாக இருந்த நம்பகத்தன்மை ஏறத்தாழ பத்துக்கு ஏழாக உயர்ந்துவிட்டது. தனித்தன்மை 99.8 விழுக்காட்டை எட்டுகிறது.

இங்கும் விலை உண்டு. 50 நோயாளிகளில் 42 பேரே இறுதியில் உறுதியாயினர். உணர்திறன் 84 விழுக்காடாகக் குறைந்தது. தொடர் முறையில் ஒவ்வொரு படியிலும் சில நோயாளிகள் நழுவுவது தவிர்க்க இயலாதது.

அப்படியாயின் அறிகுறியையும் எக்ஸ்ரேயையும் தொடர் முறையில் வைத்தால் என்ன? அதாவது, இருமல் உள்ளவருக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தால்? ஐயத்திற்குரியவர்கள் 127 பேராகக் குறைந்துவிடுவர். வேலையும் செலவும் மிச்சமாகும். ஆனால் 50 நோயாளிகளில் 27 பேரே அவர்களுள் இருப்பர். மீதமுள்ள 23 பேர், தமக்கு நோய் இருப்பதை அறியாமல் வீட்டிலுள்ளோருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் அதைப் பரப்பக்கூடும். இதனால்தான் முதல் வாசல் அகலமாகவும் இரண்டாம் வாசல் குறுகலாகவும் அமைக்கப்படுகின்றன.

இக்கணக்கின் எல்லை

மேற்கண்ட கணக்கு, ஒரு பரிசோதனையின் பிழை மற்றொன்றின் பிழையோடு தொடர்பற்றது எனக் கருதுகிறது. நடைமுறையில் அவ்வாறு இருப்பதில்லை. நோயின் தொடக்க நிலையில் உள்ள ஒருவருக்கு அறிகுறியும் இராது. எக்ஸ்ரேயிலும் ஏதும் தெரியாது. எனவே இணை முறையின் உண்மைப் பலன் கணக்கில் காட்டியதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதேபோல், முன்பு சிகிச்சை முடித்தவரின் சளியில் இறந்த கிருமியின் மரபணு தங்கியிருந்தால், எக்ஸ்ரேயும் சளி ஆய்வும் ஒருசேரத் தவறாக 'உள்ளது' எனக் காட்டக்கூடும். முன்பு சிகிச்சை பெற்றிருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிப்பது இதற்காகவே.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

எக்ஸ்ரேயில் நிழல் உள்ளதாகக் கூறப்பட்டால், அச்சத்தால் சளி ஆய்வைத் தவிர்க்காதீர்கள். அவ்வாய்வுதான் பெரும்பாலானோரை நோய் இல்லை என விடுவிக்கிறது.

சளி ஆய்வுக்கு எச்சிலைத் தராதீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி வெளியேற்றும் கெட்டியான சளியே தேவை. எச்சிலைத் தந்தால், நோய் உள்ளவருக்கும் 'இல்லை' என முடிவு வரலாம்.

சளியில் கிருமி இல்லை என முடிவு வந்த பின்னரும் இருமல், காய்ச்சல் அல்லது எடை குறைதல் நீடித்தால் மீண்டும் மருத்துவரிடம் வாருங்கள். மேற்கண்ட கணக்கில் இரண்டாம் படியில் நழுவிய 6 பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அறிகுறி, எக்ஸ்ரே ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் மறு ஆய்வுக்கோ சிகிச்சைக்கோ முடிவெடுப்பார்.

இப்பரிசோதனைகளும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகள் வழியாகக் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. விவரங்களுக்கு 1800-11-6666 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.