மைனஸ் 0.65 வோல்ட்டில் ஓர் ஆணி

ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர். அதில் பாதி முங்கிய இரும்பு ஆணி. பக்கத்தில் ஆய்வகங்களில் பயன்படும் கேலமல் ஒப்பீட்டு மின்வாய். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆணியிலும் கறுப்பு வயரைக் கேலமலிலும் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் முள் மைனஸ் 0.65 வோல்ட் அருகே வந்து நிற்கிறது. தண்ணீரின் பி.எச். 7. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆணி அரிக்குமா, அரிக்காதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அதற்கான வரைபடத்தை 1930-களின் இறுதியில் பெல்ஜியத்து வேதியியலர் மார்செல் பூர்பே உருவாக்கினார். கிடையச்சில் பி.எச்.: இடது பக்கம் அமிலம், வலது பக்கம் காரம். நெட்டச்சில் மின்னழுத்தம்: மேலே போகப் போக இரும்பிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும் சூழல், கீழே வர வர எலக்ட்ரான்களை இரும்புக்குள் திணிக்கும் சூழல். ஒவ்வொரு புள்ளியிலும் இரும்பு எந்த வடிவத்தில் நிலைத்திருக்கும் என்று கணக்கிட்டு, அவற்றுக்கு இடையே எல்லைக் கோடுகள் போட்டிருப்பார்கள்.

படம் முழுக்கக் கோடுகளாகத் தெரிந்தாலும், தேவையானவை மூன்று நாடுகள்தாம். அடியில் இரும்பு உலோகமாகவே இருக்கும் பகுதி; அங்கே அரிமானம் நடக்க வழியே இல்லை. இதை அரிபடா நிலை எனலாம். இடப்பக்கத்தில், இரும்பு அயனியாகக் கரைந்து தண்ணீரில் கலக்கும் பகுதி, இதுதான் அரிமானம். வலப்பக்கத்தில், உலோகத்தின் மேல் ஆக்சைடு படிந்து அதைப் போர்த்திக்கொள்ளும் பகுதி; இது செயலறு நிலை. அரிபடா நிலையும் செயலறு நிலையும் வெளியே ஒரே மாதிரி தோன்றும், இரண்டிலும் ஆணி பளபளப்பாகவே இருக்கும். ஆனால் முன்னதில் இரும்புக்குக் கரைய விருப்பமே இல்லை. பின்னதில் விருப்பம் உண்டு, போர்வை தடுக்கிறது. போர்வை கிழிந்தால் கதை மாறிவிடும்.

எல்லைகளைப் பார்ப்போம். அறை வெப்பநிலையில், மைனஸ் 0.62 வோல்ட்டில் ஒரு கிடைக்கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே அரிபடா நிலை. இரும்பு கரைந்து அயனியாகும் வினையில் ஹைட்ரஜன் அயனிக்குப் பங்கில்லை, ஆகவே பி.எச். மாறினாலும் இந்தக் கோடு சாயாது. ஆக்சைடு உருவாகும் வினையிலோ ஹைட்ரஜன் அயனி உண்டு, எனவே செயலறு நிலையின் எல்லை வலப்பக்கமாகச் சரேலென்று இறங்குகிறது: பி.எச். 5-இல் பிளஸ் 0.20, பி.எச். 7-இல் மைனஸ் 0.16. இரண்டு கோடுகளும் பி.எச். 9 அருகே முட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு நடுவே ஆப்பு வடிவில் அகப்பட்டுக் கிடப்பதுதான் அரிமானப் பகுதி. மிகக் கடுமையான காரத்தில், தாழ்ந்த மின்னழுத்தத்தில், இன்னொரு சின்ன அரிமானத் துண்டும் உண்டு. இந்த எண்களெல்லாம் ஒரு மரபைச் சார்ந்தவை: ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த இரும்பு சுமார் 56 மைக்ரோகிராமைத் தாண்டாதவரை அரிமானம் இல்லை என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது நம் ஆணி. பி.எச். 7, மைனஸ் 0.65. கோட்டுக்குக் கீழே விழுகிறது, அரிபடா நிலை என்று மகிழ்ச்சியாக எழுதிவிடத் தோன்றும். இரண்டு நாள் கழித்து குவளையில் செம்மண் நிறத்தில் துரு மிதக்கும்.

தவறு வரைபடத்தில் இல்லை. வரைபடத்தின் வோல்ட்டுகள் திட்ட ஹைட்ரஜன் மின்வாயைப் பூஜ்யமாக வைத்து எண்ணப்படுபவை. நாம் அளந்ததோ கேலமலை வைத்து. நிறைவுற்ற கேலமலின் மின்னழுத்தம் ஹைட்ரஜன் கணக்கில் பிளஸ் 0.24. அதைக் கூட்டினால் மைனஸ் 0.41 கிடைக்கும். மைனஸ் 0.62-க்கும் மைனஸ் 0.16-க்கும் நடுவே, அரிமானப் பகுதியின் வயிற்றுக்குள்ளேயே புள்ளி விழுகிறது. எந்த மின்வாயை வைத்து அளந்தது என்று எழுதாத வோல்ட் அளவு எங்கே கிடைத்தாலும், அதை நம்பாமல் இருப்பதே நல்லது.

ஆணியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தப் புள்ளியை எந்தப் பக்கமாவது நகர்த்த வேண்டும். கீழே இறக்கலாம். ஒரு துத்தநாகத் துண்டை வயரால் ஆணியோடு இணைத்தால், துத்தநாகம் கரைந்து தன் எலக்ட்ரான்களை இரும்புக்குள் தள்ளும். துத்தநாகம் தனியாக ஹைட்ரஜன் கணக்கில் மைனஸ் 0.76 அருகே நிற்கும், ஆணி இரண்டுக்கும் இடையில் எங்கோ வந்து நிற்கும். அது மைனஸ் 0.62-க்குக் கீழே போயிற்றா என்று மறுபடி அளந்துதான் சொல்ல முடியும். துண்டு சின்னதாக இருந்தாலும், தண்ணீரில் உப்பு குறைவாக இருந்து மின்சாரம் சரியாகக் கடக்காவிட்டாலும், பாதி வழியிலேயே நின்றுவிடும்.

மேலே ஏற்றலாம். குரோமேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் குரோமேட் புற்றுநோய் விளைவிப்பது. மேலும், அளவு குறைந்தால் பரப்பின் பெரும்பகுதி போர்த்திக்கொண்டு சில இடங்கள் மட்டும் திறந்து கிடக்கும், அரிமானம் அங்கே குவிந்து குழி தோண்டும். அரைகுறைக் காப்பு சில சமயம் காப்பே இல்லாததைவிட மோசம்.

வலப்பக்கம் நகர்த்துவதுதான் சுலபம். தண்ணீரில் தாராளமாகச் சுண்ணாம்பு போட்டால் பி.எச். 12.5 வரை ஏறும். அங்கே காற்றுபட்ட இரும்பு கேலமலுக்கு மைனஸ் 0.2 காட்டினால், ஹைட்ரஜன் கணக்கில் பிளஸ் 0.04, செயலறு நிலைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதும் இதனால்தான். சிமெண்ட் உருவாக்கும் சுண்ணாம்பு, கம்பியைச் சுற்றி இருக்கும் ஈரத்தை இதே பி.எச்.-இல் வைத்திருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காலப்போக்கில் உள்ளே ஊடுருவி அதைக் குறைத்துவிடும். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் ஃபினால்ஃப்தலீன் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாமல் கிடக்கும். அந்த நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் பொறியாளர் பார்ப்பது.

வரைபடம் சொல்லாத விஷயங்களும் உண்டு. எந்த வேகத்தில் அரிக்கும் என்று அது சொல்லாது. அது சமநிலைக் கணக்கு, கடிகாரம் அல்ல. படியும் ஆக்சைடு விரிசலில்லாமல் ஒட்டியிருக்குமா என்பதும் அதில் இல்லை. இரும்பும் தண்ணீரும் மட்டும் இருக்கும் கணக்கில் குளோரைடு வருவதேயில்லை.

கடலோரக் கட்டடங்களில் இதுதான் சிக்கல். உப்புக் காற்றோடு வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கியபின், பொறியாளர்கள் தாமிர சல்பேட் மின்வாயைச் சுவரில் வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். மைனஸ் 0.35-ஐவிடக் கீழே போனால், அரிமானம் நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்கிறது சி876 என்ற அமெரிக்கத் தரநிலை. சரியாக மைனஸ் 0.35-ஐயே எடுத்துக்கொள்வோம். தாமிர சல்பேட்டுக்குப் பிளஸ் 0.32 கூட்டினால் மைனஸ் 0.03. பி.எச். 12.5-இல் இந்தப் புள்ளி எந்த எல்லைக்கும் அருகில் இல்லை, செயலறு நிலைக்குள் ஆழமாக இருக்கிறது. வரைபடம் ஒன்று சொல்கிறது, தரநிலை இன்னொன்று சொல்கிறது.

இரண்டும் மோதவில்லை. குளோரைடு போர்வையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போடும்போது, உள்ளே கரையும் இரும்பு அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. சுவரெங்கும் 12.5 இருந்தாலும், அந்தக் குழிக்குள் பி.எச். 5 வரை இறங்கிவிடலாம். மைனஸ் 0.03-ஐ பி.எச். 5-க்கு நேராக வைத்துப் பாருங்கள். அங்கே செயலறு நிலை பிளஸ் 0.20-க்கு மேலேதான் தொடங்குகிறது, புள்ளி அரிமானப் பகுதியில் விழுகிறது.