வெள்ளிக்கிழமை ஏழு மணிப் பதிவு

வணிகர் சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தபோது, நான் ஆரம்பிப்பதற்கு முன்பே ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் கேட்டுவிட்டார்: “தம்பி, இந்த ஆட்டோமேட்டிக் போஸ்ட் வச்சுட்டா ஒரு ஆள் சம்பளம் மிச்சமாகுமா?”

“ஆள் மிச்சமாகாது அண்ணாச்சி. அந்த ஆள் ராத்திரி ஏழு மணி ஆகுதான்னு போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்” என்றேன். அன்று பேசியதை அவருடைய ஜவுளிக்கடையையே உதாரணமாக வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும் வைத்திருக்கும் கடைக்கு முதலில் தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. மெட்டா நிறுவனமே ‘மெட்டா பிசினஸ் சூட்’ என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. படத்தை ஏற்றி, எழுத வேண்டியதை எழுதி, Schedule என்பதைத் தொட்டு நாளும் நேரமும் கொடுத்துவிட்டால், அந்த நேரத்தில் பதிவு தானாக வெளியாகும். இன்ஸ்டாகிராம் கணக்கு மட்டும் ‘ப்ரொஃபெஷனல்’ கணக்காக இருக்க வேண்டும். வீட்டுக் கணக்கு மாதிரி தொடங்கி அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், அமைப்புகளுக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆகஸ்ட் 3 வாக்கில் ஆடிப்பெருக்கு வருகிறது. நடுவில் ஆடி வெள்ளிகள். தள்ளுபடியில் கூட்டம் அலைமோதும் இந்த நாட்களில் கடைப்பையனுக்குச் சேலையைப் பிரித்துக் காட்டவே நேரம் போதாது, பதிவு எங்கே போடுவது? ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மாதம் முழுமைக்கும் பதிவுகளை ஏற்றிவைப்பது இங்கேதான் உண்மையிலேயே உதவுகிறது. ஆடிப்பெருக்கு வாழ்த்து, ஞாயிறும் கடை உண்டு என்ற அறிவிப்பு, வண்டி நிறுத்த இடம், சாயம் போகாமல் சுங்குடிச் சேலையை முதல் தடவை எப்படி அலசுவது என்ற குறிப்பு. இவை ஏற்றிய நாளில் எப்படி உண்மையோ, வெளியாகும் நாளிலும் அப்படியே உண்மை. ஆகவே துணிந்து முன்கூட்டியே வைக்கலாம்.

சிக்கல் சரக்கில் ஆரம்பிக்கிறது. பட்டு காட்டன் சேலையில் ஒரு டிசைன், ஆறே ஆறு உருப்படி வந்திருக்கிறது. படம் எடுத்து வெள்ளி இரவு ஏழு மணிக்கு வைத்தாகிவிட்டது. புதன்கிழமை ஒரு கல்யாண வீட்டார் வந்து ஆறையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். பில் போட்டவருக்குப் பதிவு வைத்திருப்பது தெரியாது. பதிவு வைத்த பையனுக்குச் சேலை போனது தெரியாது. செயலிக்கு இரண்டுமே தெரியாது. வெள்ளி ஏழு மணிக்குப் பதிவு போகிறது. “இருக்கா?”, “விலை என்ன?”, “கூரியர் உண்டா?” என்று கேள்விகள் குவிகின்றன. ஒவ்வொருவருக்கும் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை வேறு ஊரிலிருந்து பஸ் ஏறி அந்தச் சேலைக்காகவே ஒருவர் வந்து நின்றால் அவருக்கு என்ன சொல்வது?

இது வெறும் மனக்கசப்போடு முடிகிற விஷயமும் இல்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில், சொன்ன விலைக்குப் பொருளை விற்கும் வாய்ப்பு நியாயமாக இல்லாமல் ஆசை காட்டி அழைக்கும் விளம்பரம் கூடாது என்று இருக்கிறது. சரக்கு குறைவாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் தள்ளுபடி முடிந்த பிறகும் அதற்கான பதிவு தானாக வந்துகொண்டிருந்தால், பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

விலையிலும் இதே கதைதான். மஞ்சள் நட்சத்திரம் போட்டு, உள்ளே 799 ரூபாய் என்று எழுதிய படம் நம் ஊர் பதிவுகளில் நிறையப் பார்க்கலாம். பதிவு வெளியான பிறகு விலை மாறினால் இன்ஸ்டாகிராமில் கீழே எழுதிய வாசகத்தைத் திருத்தலாம். படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைக்க முடியாது. மொத்தமாக அழித்தால் அதில் வந்த லைக்கும் கேள்விகளும் சேர்ந்தே போய்விடும். ஆகவே முன்கூட்டி வைக்கும் பதிவில் விலையைப் படத்தின் மேல் எழுதாதீர்கள், கீழே வாசகத்தில் எழுதுங்கள். நகைக்கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். காலையில் சொன்ன தங்கம் விலை சில நாட்களில் சாயங்காலத்துக்குள்ளேயே மாறிவிடுகிறது. அன்றைய விலையை முன்கூட்டியே ஏற்றிவைக்கவே கூடாது. ஒருவர் நேரில் பார்த்து, கையால் போட வேண்டிய பதிவு அது.

நேரக் குளறுபடியும் ஒன்று உண்டு. வேறு கம்பெனியின் செயலியில் பதிவு வைப்பவர்கள், அமைப்புகளில் நேர மண்டலம் Asia/Kolkata என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது UTC என்று இருந்தால், காலை ஒன்பதுக்கு வைத்தது மதியம் இரண்டரைக்குத்தான் வரும். அரை மணி நேரம் கழித்து வருமாறு ஒரு சாதாரணப் பதிவு வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இன்னொன்று: யாராவது ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால் இம்மாதிரிச் செயலிகளின் இணைப்பு அறுந்துபோகலாம். கடையில் யாருக்கும் தெரியாது. பதிவு வராமலே நாள் ஓடும். பாஸ்வேர்டு மாற்றிய அன்றே செயலியையும் மறுபடி இணைத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது மழைக்காலம்தான். தீபாவளி வியாபாரமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. 2023 டிசம்பர் 4-ம் தேதியை ஒட்டி மிக்ஜாம் புயலில் சென்னையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றன. பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அந்த நாளுக்கென்று ‘இன்று மட்டும் சிறப்புச் சலுகை, குடும்பத்தோடு வாருங்கள்’ என்று ஒரு கடை முன்பே வைத்திருந்தால், அது தன் பாட்டுக்கு வெளியே போயிருக்கும். நிறுத்த வேண்டியவர் சிக்னல் இல்லாமல் மாடியில் நின்றிருப்பார். அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று நான்கு நாளுக்கு மேல் முன்கூட்டி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நிறுத்தும் அதிகாரம் இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. மெட்டா பிசினஸ் சூட்டில் Planner என்ற பகுதியைத் திறந்தால் வரிசையில் உள்ள எல்லாப் பதிவுகளும் நாள்வாரியாகத் தெரியும். வேண்டாததை அழிக்கலாம், நாளையும் மாற்றலாம்.

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்டது வாட்ஸ்அப்பைப் பற்றி. ஆயிரக்கணக்கான நம்பருக்கு ஒரே அழுத்தில் அனுப்பும் சாஃப்ட்வேர் என்று விற்றுக்கொண்டு வருகிறார்கள். வாட்ஸ்அப் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கடை நம்பரே முடக்கப்படலாம். பத்து வருடமாக வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருக்கும் நம்பர் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் அவர்கள் எல்லாம் உங்களைத் தெரிந்தவர்கள்.

கடைசியில் ஒரு பெரியவர், “அப்போ தினமும் என்னதான் பண்ணணும், அதைச் சொல்லுங்க” என்றார். கடை திறந்ததும் பதிவு வைக்கும் பையனும் சரக்கு பார்ப்பவரும் Planner-ஐத் திறந்து, இன்றும் நாளையும் போகப்போகிற பதிவுகளை மட்டும் பார்க்க வேண்டும். படத்தில் உள்ள பொருள் அலமாரியில் இருக்கிறதா, எழுதிய விலை இன்றைக்கும் அதுதானா என்ற இரண்டே கேள்விகள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்தலாம். பதிவு வெளியானதும் முதல் ஒரு மணி நேரம் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கல்லாவில் கூட்டம் நெரிகிற கடை என்றால், அந்தப் பதிவை மதியம் மூன்று மணிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.