யூலிப்பில் முதலாண்டுப் பணம் எங்கே போகிறது?

யூலிப் பாலிசியில் கட்டும் பிரீமியம் முழுவதும் முதலீடாவதில்லை. பணம் யூனிட்டாக மாறுவதற்கு முன்பே ஒதுக்கீட்டுக் கட்டணம் கழிக்கப்படுகிறது. மீதிக்கு வாங்கிய யூனிட்டுகளிலிருந்து மாதந்தோறும் சில ரத்தாகின்றன. மார்ட்டாலிட்டி கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் இப்படித்தான் வசூலாகின்றன. நிதி மேலாண்மைக் கட்டணம் மட்டும் என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடும். ஆண்டுக்கு 1.35 சதவீதம் அதன் உச்சவரம்பு.

35 வயதுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் கட்டுகிறார், காப்புத்தொகை 10 லட்சம் என்று கொள்வோம். ஒதுக்கீட்டுக் கட்டணம் 6 சதவீதம் என்றால், 94,000 ரூபாய்க்குத்தான் யூனிட் கிடைக்கும். மார்ட்டாலிட்டி கட்டணம் காப்புத்தொகை முழுவதற்கும் போடப்படுவதில்லை. அதிலிருந்து நிதி மதிப்பைக் கழித்தால் வரும் தொகைக்கே போடப்படுகிறது. நிறுவனம் தன் கையிலிருந்து தரவேண்டியிருப்பது அந்தத் தொகைதான். இங்கே அது சுமார் 9,06,000. ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 1 ரூபாய் 20 காசு வீதம் ஏறக்குறைய 1,090 ரூபாய் ஆகும். நிர்வாகக் கட்டணம் மாதம் 100 ரூபாய் என வைத்து, வரியை விட்டுவிடலாம்.

அந்த ஆண்டு என்.ஏ.வி. 8 சதவீதம் உயர்ந்தாலும், ஆண்டு முடிவில் அவர் கணக்கில் இருப்பது சுமார் 99,100 ரூபாய். நிதி நன்றாகவே வளர்ந்திருக்கிறது, ஆனால் கட்டிய பணம்கூட முழுதாகத் திரும்பவில்லை. இதே பாலிசியை 50 வயதில் எடுத்து, வீதம் ஆயிரத்துக்கு 4 ரூபாய் 40 காசாக இருந்தால், மிஞ்சுவது சுமார் 96,100. என்.ஏ.வி.யை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியாது. கணக்கு அறிக்கையில் யூனிட் எண்ணிக்கை மாதாமாதம் குறைவதைப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் போன 6,000 ரூபாயின் இழப்பு அந்த ஆண்டோடு முடிவதில்லை. 8 சதவீத வளர்ச்சியில் 15 ஆண்டுகளில் அது சுமார் 19,000 ரூபாயாகப் பெருகியிருக்கும்.

பல பாலிசிகளில் ஒதுக்கீட்டுக் கட்டணம் பின்னாளில் குறையும். நிதி வளர வளர, மார்ட்டாலிட்டி கட்டணம் போடப்படும் தொகையும் சுருங்கும். நிதி காப்புத்தொகையைத் தாண்டிவிட்டால் அந்தக் கட்டணமே அநேகமாக மறைந்துவிடும். ஆனால் இறப்பின்போது காப்புத்தொகை, நிதி மதிப்பு இரண்டையும் சேர்த்துத் தரும் வகையில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே நிறுவனத்தின் பொறுப்பு குறையாமலே நிற்க, வயதோடு வீதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். முகவரிடம் முதலில் கேட்கவேண்டியது இது எந்த வகை என்பதைத்தான்.

2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள், கட்டணங்களால் ஆண்டு வருமானம் எவ்வளவு குறையலாம் என்று வரம்பிட்டன. அந்த வரம்பு 5-ஆம் ஆண்டு முடிவில் 4 சதவீதப் புள்ளி, 10-ஆம் ஆண்டில் 3, 15-ஆம் ஆண்டு முதல் 2.25. பூட்டுக்காலமும் அப்போதுதான் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. 5-ஆம் ஆண்டு முடிந்ததும் பணத்தை எடுப்பவர், பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்துவிட்டு, அது இலேசாகும் காலத்துக்கு முன்பே வெளியேறுகிறார்.