நூறு கிராமுக்குத் தாழும் ரோபோ கை

ஹாபி சர்வோ மோட்டார்களை வைத்து ரோபோ கை செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் நாளே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. தோள் மூட்டுக்கு 0 டிகிரி என்று கட்டளை கொடுத்தால் கை தரைக்கு இணையாக நீட்டி நிற்க வேண்டும். ஆனால் நுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தே நிற்கும். விரலில் ஒரு சின்னப் பொருளைக் கொடுத்தால் இன்னும் தாழும். மோட்டார் மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, இன்னும் பெரிய மோட்டாரை வாங்கப் போவதுதான் வழக்கம். பெரும்பாலான நேரங்களில் அந்த மோட்டார் பழுதானதே இல்லை. தான் எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியேதான் நடந்துகொள்கிறது.

சர்வோவின் பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டார், பல்சக்கர வரிசை, வெளித்தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சின்ன மின்சுற்று ஆகியவை இருக்கின்றன. நாம் கேட்ட கோணத்தையும் தண்டு இருக்கும் கோணத்தையும் சுற்று ஒப்பிடுகிறது. வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ற அளவில் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. வித்தியாசமே இல்லையென்றால் மின்சாரமும் இல்லை. நீட்டிய கையைத் தாங்கிப் பிடிக்கவோ மோட்டார் இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வித்தியாசம் வேண்டும். ஆகவே கை கொஞ்சம் கீழே இறங்குகிறது. தாங்கப் போதுமான வித்தியாசம் பிறந்த இடத்தில் நிற்கிறது. பளு கூடினால் இறக்கமும் அதே விகிதத்தில் கூடும். விலை உயர்ந்த டிஜிட்டல் சர்வோக்களில் இந்த இறக்கம் குறைவு. ஆனால் பலவற்றில் அடிப்படை இதேதான்.

இறக்கம் விகிதப்படி வருகிறது என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் பிடி. மூட்டின் மேல் விழும் முறுக்குவிசை எவ்வளவு என்று கணக்கிட முடிந்தால், எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். அந்த அளவுக்கு மேலே தூக்கிக் கட்டளை கொடுத்தால், கை இறங்கி வந்து நாம் நினைத்த இடத்திலேயே நிற்கும். புவியீர்ப்பு ஈடுசெய்தல் என்று சொல்லப்படுவது ஹாபி சர்வோவில் இவ்வளவுதான்.

ஒரு கையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மேற்கை 12 செ.மீ., முன்கை 12 செ.மீ. ஒவ்வொன்றின் தகடும் 30 கிராம். முழங்கையில் உலோகப் பல்சக்கரம் கொண்ட எம்ஜி 996ஆர் சர்வோ, 55 கிராம். மணிக்கட்டில் கிரிப்பரும் அதன் சிறு சர்வோவும் சேர்ந்து 90 கிராம். தோளிலும் அதே எம்ஜி 996ஆர். பொருளைப் பிடிக்கும் விரல் நுனி மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளி, அதாவது தோளிலிருந்து 28 செ.மீ. தொலைவில்.

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர் அதே குடத்தைக் கையை நீட்டி ஒரு நிமிடம்கூடப் பிடிக்க முடியாது. எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. தோள் மோட்டாருக்கும் எடை மட்டுமே கணக்கில்லை, எடையை தூரத்தால் பெருக்கி வருவதுதான் கணக்கு. கை முழுதாக நீண்டு தரைக்கு இணையாக இருக்கும்போது, மேற்கைத் தகட்டின் எடை அதன் நடுவில், 6 செ.மீ. தூரத்தில் விழுகிறது: 0.18 கிலோ-செ.மீ. முழங்கை மோட்டார் 12 செ.மீ.யில்: 0.66. முன்கைத் தகடு 18 செ.மீ.யில்: 0.54. கிரிப்பர் 24 செ.மீ.யில்: 2.16. கூட்டினால் 3.54. கை எதையும் தூக்குவதற்கு முன்பே தோள் சுமப்பது இது. அதில் பாதிக்கு மேல் கிரிப்பர் ஒன்றினால் வருகிறது. கிரிப்பருக்கு அலங்காரமாக ஒரு கனத்த தகடு மாட்டுபவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இனி 100 கிராம் பொருள். அதன் பங்கு 2.8 கிலோ-செ.மீ. மொத்தம் 6.34. நகரும் கையின் எடை 205 கிராம், பொருள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் தோளின் சுமையை ஏறத்தாழ 80 சதவீதம் ஏற்றிவிட்டது. முழங்கையில் இன்னும் மோசம்: வெறுங்கையில் 1.26, பொருளோடு 2.86.

கையை மேலே தூக்கினால் சுமை குறையும். தரையிலிருந்து 60 டிகிரியில் நேராக நிற்கும் கைக்குப் பாதி சுமைதான், நெட்டுக்குத்தாக நின்றால் சுமையே இல்லை. இந்தக் கொசைன் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி நுழைகிறது. முழங்கையின் கட்டளைக் கோணம் மேற்கையைப் பொறுத்தது. புவியீர்ப்புக்கோ தரையைப் பொறுத்த கோணம்தான் தெரியும். ஆகவே முன்கைக்கு இரண்டு கோணங்களையும் கூட்டித்தான் கொசைன் எடுக்க வேண்டும். நிரலில் அது இப்படி வரும். `m` என்பது பொருளின் எடை, கிலோவில். `q1`, `q2` ரேடியனில்:

```cpp
float A = 1.26 + 16.0 * m;
float B = 2.28 + 12.0 * m;
float t2 = A * cos(q1 + q2);
float t1 = B * cos(q1) + t2;
float cmd1 = q1deg + k1 * t1;
float cmd2 = q2deg + k2 * t2;
```

கொசைனுக்குள் போவது கை சென்று நிற்க வேண்டிய கோணம், கூட்டிக் கொடுக்கும் கட்டளைக் கோணம் அல்ல. கை கடைசியில் நிற்கப்போவது அங்கேதானே.

இதில் `k1`, `k2` என்பவை ஒரு கிலோ-செ.மீ. சுமைக்கு அந்த மூட்டு எத்தனை டிகிரி இறங்கும் என்பதைச் சொல்பவை. இந்த எண் எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும். கையை நீட்டி வைத்து, முழங்கை அசையாதபடி ஒரு தகட்டை வைத்துக் கட்டிவிட்டு, நுனியருகே ஸ்கேல் ஒன்றை நிறுத்துங்கள். 50, 100 கிராம் என எடைகளைத் தொங்கவிட்டு நுனி எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 100 கிராமுக்கு நுனி 1.4 செ.மீ. இறங்கியது என்று வைப்போம். 28 செ.மீ. கைக்கு அது சுமார் 2.9 டிகிரி. சுமை கூடியது 2.8 கிலோ-செ.மீ. ஆக, ஏறத்தாழ ஒன்றுக்கு ஒரு டிகிரி. தோளுக்கு `k1` கிடைத்துவிட்டது. பிறகு மேற்கையை அசையாமல் கட்டி, முழங்கைக்கும் இதையே செய்யலாம்.

அளக்கும்போது ஒவ்வொரு முறையும் கையைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தே நிறுத்த வேண்டும். பல்சக்கர உராய்வு, மேலேறும் கையைச் சற்றுக் கீழேயே நிறுத்திவிடும். கீழிறங்கும் கையைச் சற்று மேலேயே பிடித்துவைக்கும். இரண்டையும் கலந்தால் எண்கள் தாறுமாறாகத் தெரியும்.

இரண்டு மூட்டுக்கும் `k` ஒன்று என்று வைத்தால், பொருளோடு நீண்ட கையின் நுனி கிட்டத்தட்ட 3.9 செ.மீ. தாழ்ந்திருக்கும். தோளுக்கு 6.34 டிகிரியும் முழங்கைக்கு 2.86 டிகிரியும் கூட்டிக் கொடுத்தால் அது மேலே வரும். ஆனால் ஆர்டுயினோவில் `write()` முழு டிகிரிகளை மட்டுமே ஏற்கும். ஆகவே `writeMicroseconds()` பயன்படுத்துவது நல்லது. ஒரு டிகிரிக்குச் சுமார் 11 மைக்ரோவினாடி. அதிலும் ஓர் எல்லை உண்டு. 5 மைக்ரோவினாடிக்குக் குறைவான மாற்றத்தை இந்த சர்வோ கண்டுகொள்ளாது. அரை டிகிரிக்கும் நுட்பமான துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

பொருளை எடுக்கும் கணமும் விடும் கணமும்தான் கவனம் தேவைப்படும் இடங்கள். ஹாபி சர்வோவின் மூன்று ஒயரில் ஒன்றுகூட நம்மிடம் திரும்பிப் பேசுவதில்லை. கையில் பொருள் இருக்கிறதா என்று நிரலுக்குத் தெரியாது. `m` எப்போது மாறுகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஈடு முழுவதையும் வைத்துக்கொண்டே கிரிப்பரைத் திறந்தால், சுமை போன வேகத்தில் கை மேலே துள்ளும். தோள் மட்டுமே நுனியை 1.4 செ.மீ. எழுப்பிவிடும், பக்கத்தில் இருப்பதைத் தட்டிவிடும். பொருள் மேசையில் அமர்ந்த பிறகு, விரல் திறப்பதற்கு முன், அரை வினாடியில் `m`ஐப் படிப்படியாக 0.1இலிருந்து 0க்குக் கொண்டுவர வேண்டும். எடுக்கும்போதும் அப்படியே: விரல் மூடியதும் `m`ஐ மெல்ல ஏற்றினால் மேசை தாங்கிய எடையைக் கை மெல்ல வாங்கிக்கொள்ளும்.

இந்த வித்தை எதற்கு உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எம்ஜி 996ஆரின் அறிவிக்கப்பட்ட முறுக்குவிசை 6 வோல்ட்டில் 11, 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ. அது மோட்டார் திணறி நின்றுபோகும் கட்டத்தின் அளவு. அந்த நிலையில் 2.5 ஆம்பியர் இழுக்கும், விரைவில் கொதிக்கும். நிம்மதியாகத் தாங்க அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் நம்பலாம். நம் கையின் 6.34 பாதியைத் தாண்டிவிட்டது. தூக்கி நகர்த்தி வைக்கலாம், நீட்டியபடியே நிறுத்தி வைக்கக் கூடாது. எடை தொங்கவிடும் சோதனையில் இறக்கம் சீராகக் கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று கை விழுந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு கூட்டிக் கட்டளை கொடுத்தாலும் மோட்டார் சூடாவதுதான் மிச்சம். அதற்கு முன் மின்சாரத்தையும் பார்த்துவிடுங்கள். கை பளு தூக்கும் நேரத்தில் சர்வோவின் பிளக்கில் மல்ட்டிமீட்டரை வைத்தால், 6 வோல்ட் என்று நினைத்தது 4.5க்கு இறங்கியிருப்பது தெரியவரலாம். சர்வோக்களுக்கு ஆர்டுயினோ பலகையிலிருந்தே மின்சாரம் எடுப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். பலகை தானாக ரீசெட் ஆவது அதன் அடையாளம்.

சுமையே எல்லை தாண்டும்போது நான் பெரிய மோட்டாரைப் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கையில் பெரிய மோட்டார் வைத்தால் அதன் எடையும் தோளின் தலையில்தான் விழும். முழங்கை மோட்டாரை அடித்தளத்துக்கே இறக்கி, இணைகரமாக அமைந்த கம்பிகளால் முன்கையை இயக்குவது மேல். ஏபிபி நிறுவனத்தின் ஐஆர்பி 460 என்ற தொழிற்சாலை ரோபோவைப் பார்த்து உருவான ஈசிபாட்ஆர்ம் என்ற 3டி அச்சுக் கை அப்படி அமைந்ததுதான். இதில் 0.66 குறைவது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. அந்த அமைப்பில் முன்கையின் முறுக்குவிசை தோள் மோட்டாருக்கு வராமல் நேராக முழங்கை மோட்டாருக்கே போகிறது. தோளுக்கு முழங்கையில் தொங்கும் எடை மட்டுமே கணக்கு. கம்பிகளின் எடையை விட்டுவிட்டால், பொருளோடு சேர்த்துத் தோளுக்கு 2.82, முழங்கைக்கு 2.86. 6.34 சுமந்த ஒரு மோட்டாரின் வேலை கிட்டத்தட்ட சமமாக இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

ஸ்பிரிங் மாட்டுவது இன்னொரு வழி. 1932இல் இங்கிலாந்தின் கார் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு, எந்தக் கோணத்தில் விட்டாலும் ஸ்பிரிங்கின் தயவில் அங்கேயே நிற்கும். ரோபோ கையில் பொருளின் எடை மாறிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சரியாக அமையாது. வெறுங்கைக்கும் பொருளோடுள்ள கைக்கும் நடுவே, அதாவது 4.94க்கு ஸ்பிரிங்கைச் சரிசெய்தால், நீட்டிய கையில் மோட்டாருக்கு மிஞ்சுவது இருபக்கமும் 1.4தான். காகிதத்தில் இது அழகாகத் தெரிகிறது. ஆனால் வெறுங்கையாக இருக்கும்போது ஸ்பிரிங் கையை மேலே இழுக்கும், பொருளோடு இருக்கும்போது எடை கீழே இழுக்கும். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும். நுனியில் புதிதாக ஓர் ஆட்டம் கிளம்பும். நெட்டுக்குத்தான நிலையைத் தாண்டும்போது கை லொடுக்கென்று சாய்வதும் இதே தளர்ச்சியால்தான். அதனால் இந்தக் கைக்கு ஸ்பிரிங்கை 3 கிலோ-செ.மீ. அளவில் நிறுத்துவேன். வெறுங்கையிலும் கொஞ்சம் எடை எப்போதும் கீழ்நோக்கியே இழுத்துப் பல்சக்கரங்களை ஒரே பக்கம் அழுத்தி வைக்கும். முழுப் பளுவிலும் தோள் மோட்டாருக்கு வருவது 3.34தான், மீதி இறக்கத்தை மேலே சொன்ன நிரல் பார்த்துக்கொள்ளும், `t1`இலிருந்து ஸ்பிரிங்கின் பங்கைக் கழித்துக்கொண்டால் போதும்.