அலையில்லாத இடமே ஆபத்தான இடம்

நகரின் நீச்சல் குளத்தில் பல ஆண்டுகளாக அன்றாடம் ஒரு கிலோ மீட்டர் நீந்தி வருகிறேன். 25 மீட்டர் நீளத்தை 30 விநாடிகளில் கடந்துவிடுவேன். அந்தத் துணிவோடுதான், சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தின் கரையில் முதன்முறையாகக் கடலில் நீந்தச் சென்றேன். இருபுறமும் அலைகள் வெண்ணுரையோடு உடைந்துகொண்டிருந்தன. நடுவில், சுமார் 30 மீட்டர் அகலத்துக்கு மட்டும் அலை இல்லை. நீர் சற்றுக் கருமையாக, குளத்தைப்போல அமைதியாக இருந்தது. அதை நோக்கி நடந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்க எறங்காதீங்க சார். அந்தத் தண்ணி உள்ள இழுத்துட்டுப் போயிடும்" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் எளியது. அலைகள் ஓயாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருந்தால் அந்நீர் அதன் வழியே ஒன்றுதிரண்டு ஓடும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. நாம் அமைதி என்று எண்ணுவது உண்மையில் கடலுக்குள் பாயும் ஓர் ஆறு. கரை அரிப்பைத் தடுக்கக் கற்களால் கட்டப்படும் தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இத்தகைய நீரோட்டம் உருவாகும்.

அவர் தடுத்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். என் வேகம் விநாடிக்கு சுமார் 0.8 மீட்டர். நீரோட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். இதைவிட வேகமானவையும் உண்டு. பதற்றத்தில் நேராகக் கரையை நோக்கி நீந்தியிருப்பேன். முழு வலுவோடு நீந்தியும் ஒவ்வொரு விநாடியும் 20 செ.மீ. பின்னோக்கிப் போயிருப்பேன். ஐந்து நிமிடங்களில் 60 மீட்டர் விலகி, கையும் காலும் சோர்ந்திருக்கும். இந்த நீரோட்டம் எவரையும் நீருக்கடியில் இழுப்பதில்லை. எதிர்த்து நீந்திக் களைத்த பிறகே மனிதர் மூழ்குகிறார். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு எதிர்க்கும் ஆசை அதிகம் என்பதே இதில் உள்ள சிக்கல்.

மாறாக, கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தியிருந்தால்? 30 மீட்டர் அகல நீரோட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 15 மீட்டர்தான். அதை 20 விநாடிகளுக்குள் கடக்கலாம். அதற்குள் கடலுக்குள் சுமார் 20 மீட்டர் போயிருப்பேன், அவ்வளவே. அலை உடையும் பகுதியை அடைந்துவிட்டால் அலைகளே கரைக்குத் தள்ளும். ஒரு பக்கம் நீந்துவது கடினமாக இருந்தால், கரையோர நீரோட்டம் எதிர்த்து வருகிறது என்று பொருள். மறுபக்கம் திரும்ப வேண்டும். எதற்கும் வலுவில்லையெனில் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். அலை உடையும் எல்லைக்கு அப்பால் அந்த இழுப்பு பெரும்பாலும் தணிந்துவிடும்.

இழுக்கப்படுகிறோம் என்பதை அறிவதும் எளிதன்று. குளத்தில் தரையில் உள்ள கருங்கோடு நாம் முன்னேறுவதைக் காட்டும். கடலில் கீழே எதுவும் தெரியாது. எனவே கரையில் ஒரு கட்டடத்தையோ பனை மரத்தையோ குறியாக வைத்து, ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். நீந்த நீந்த அந்தக் குறி விலகிச் சென்றால், அக்கணமே திசையை மாற்ற வேண்டும்.

அன்று முதியவரின் அருகில் அமர்ந்து பத்து நிமிடம் கடலைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. அவர் காட்டிய வேறோர் இடத்தில், கரையில் நண்பர் நிற்க, இடுப்பளவு நீரில் கரைக்கு இணையாகவே நீந்தினேன். இடுப்பில் கயிற்றால் கட்டிய ஆரஞ்சு நிற மிதவை பின்னால் வந்தது. இன்றும் அப்படித்தான். எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் இறங்குவதே இல்லை.

தலையை உயர்த்தி நீந்தவும், களைத்தால் மிதக்கவும் நம் நீச்சல் குளங்களில் அரிதாகவே கற்றுத் தருகிறார்கள். வேகத்தைக் கற்பிக்கும் முன் அவ்விரண்டையும் கற்பிக்கலாம். கடலில் இறங்கும் நாளில் முதலில் கைகொடுப்பவை அவையே.