காஞ்சிபுரம் பட்டு: படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவை அசலா என்று கேட்பதில் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. நூல் பட்டா? சரிகையில் வெள்ளி இருக்கிறதா? புடவை கைத்தறியில் காஞ்சிபுரம் முறைப்படி நெய்யப்பட்டதா? ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் அதே பதில் வரும் என்பதில்லை. சுத்தமான பட்டு நூலில் செம்புச் சரிகை போட்டு விசைத்தறியில் நெய்த புடவைகள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அதைப் பட்டு என்று விற்பதில் பொய் இல்லை. கைத்தறி என்றும் வெள்ளிச் சரிகை என்றும் சொல்லி விற்றால்தான் அது ஏமாற்று.

புடவையைக் கைப்பேசியில் படம் பார்த்தே வாங்கும் பழக்கம் பரவிவிட்ட நிலையில், இந்த மூன்று கேள்விகளில் எதற்குப் படம் பதில் தரும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நெசவைப் பற்றிப் படம் ஏறக்குறைய முழுமையாகச் சொல்லிவிடும். சரிகையைப் பற்றிப் பாதி சொல்லும். நூல் பட்டா என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். வாங்குபவர்களோ பெரும்பாலும் தலைகீழாகப் பார்க்கிறார்கள். படத்தில் பளபளப்பைப் பார்த்துப் பட்டு என்று முடிவு செய்துவிட்டு, கரை சேரும் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கரையிலிருந்தே தொடங்கலாம். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று அமைந்த புடவையைக் காஞ்சிபுரத்தில் கோர்வை முறையில் நெய்வார்கள். தறியில் மூன்று நாடாக்கள் ஓடும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளர் உட்கார்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவை வீசுவார். கரையின் ஊடை நூல் கரையோடு நின்றுவிடும். உடலின் ஊடை நூல் உடலோடு நின்றுவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போல் பிடித்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடைக்கும் இதைக் கையால் செய்ய வேண்டியிருப்பதால்தான் கோர்வைப் புடவைக்கு நாளும் கூலியும் கூடுகின்றன.

இந்த வேலை படத்தில் இரண்டு தடயங்களை விட்டுச் செல்கிறது. முதலாவது கரையின் நிறம். கோர்வைக் கரையில் பாவும் ஊடையும் ஒரே நிறம் என்பதால் பச்சை முழுப் பச்சையாக இருக்கும். சாதாரண விசைத்தறியில் ஒரே ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடுகிறது. உடல் அரக்கு நிறம் என்றால் அந்த அரக்கு ஊடை பச்சைக் கரைக்குள்ளும் புகுந்து, பச்சையை மங்கலாக்கிப் பழுப்பு கலந்ததாகக் காட்டும். கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பச்சை இழைகளுக்கு நடுவே அரக்குப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

இரண்டாவது தடயம் புடவையின் பின்பக்கத்தில் இருக்கிறது. கோர்வை சேரும் கோட்டில் ஊடைகள் கொக்கி போட்டுத் திரும்பிய தடம் சிறு பற்கள் போலவும் மெல்லிய மேடு போலவும் நீளமாக ஓடும். கை இழுத்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது என்பதால் அந்தக் கோட்டில் சிறு ஏற்றத்தாழ்வும் இருக்கும். முன்பக்கத்தில் தெரியும் கோபுரப் பற்களை மட்டும் நம்பக் கூடாது. அந்த வடிவத்தை ஜக்கார்டு அட்டை மூலம் விசைத்தறியிலும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் பின்பக்கத்தில் நூல் திரும்பாமல் கோட்டைத் தாண்டி ஓடுவது தெரிந்துவிடும். அதனால் விற்பவரிடம் ஒரே ஒரு படம்தான் கேட்க முடியும் என்றால், கரையும் உடலும் சேரும் இடத்தின் பின்பக்கப் படத்தைக் கேட்க வேண்டும்.

முந்தானையிலும் இதே போன்ற ஓர் அடையாளம் உண்டு. உடலிலிருந்து முந்தானைக்கு நிறம் முழுமையாக மாற வேண்டுமானால் ஊடையை மாற்றினால் போதாது. பாவையும் மாற்ற வேண்டும். பழைய பாவு இழைகளோடு முந்தானை நிறப் பாவு இழைகளைச் சேர்த்துச் சிறு பட்டை அளவுக்கு இரண்டையும் ஒன்றாக நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி நீக்குவார்கள். இதைப் பெட்னி என்பார்கள். இரட்டை இழை விழுந்த அந்த இடத்தில் துணி சற்றுத் தடித்து, உடலுக்கும் முந்தானைக்கும் நடுவே குறுக்காக ஒரு வரி போலத் தெரியும். பெட்னி இல்லாத புடவையில் உடலின் பாவே முந்தானை முடிவு வரை போகும். முந்தானையின் ஓரத்தில் நெய்யாமல் விட்ட இழைகளைப் படம் எடுத்துப் பார்த்தாலே இது விளங்கிவிடும். முந்தானை பச்சை, தொங்கும் இழைகள் அரக்கு என்றால் அங்கே பெட்னி போடவில்லை. குஞ்சம் கட்டிய பிறகு இந்தச் சோதனைக்கு இடமில்லை. குஞ்சத்துக்கு வேறு நூல் சேர்த்திருக்கலாம்.

கோர்வையும் பெட்னியும் இருந்தால் அது கைவேலைக்கு மிக வலுவான சான்று. ஆனால் இல்லை என்பதாலேயே புடவை போலி ஆகிவிடாது. கரைக்கும் உடலுக்கும் ஒரே நிறத்தில் நெய்த புடவைக்குக் கோர்வையே தேவையில்லை. ஒரே ஊடையை ஓட்டி நெய்த நல்ல கைத்தறிப் பட்டுகளும் நிறைய உண்டு. விற்பவர் கோர்வை என்று சொல்லி, கோர்வைக்குரிய விலையும் கேட்டு, படத்தில் அந்தப் பற்கள் இல்லாதபோதுதான் சந்தேகப்பட வேண்டும்.

சரிகை விஷயம் இதைவிடச் சிக்கலானது. அசல் சரிகையின் நடுவே பட்டு நூல் இருக்கும். பெரும்பாலும் சிவப்புச் சாயம் தோய்த்தது. அதன்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசுவார்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சரிகை வழங்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி, சரிகையின் எடையில் 40 விழுக்காடு வெள்ளி, 35.5 விழுக்காடு செம்பு, 24 விழுக்காடு பட்டு, 0.5 விழுக்காடு தங்கம். முற்காலச் சரிகையில் வெள்ளி இதைவிடக் கூடுதல். தெருவில் குரல் கொடுத்துப் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் தேடுவது அந்த வெள்ளியைத்தான்.

போலிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் செம்புக் கம்பிமேல் மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். நடுநூல் பருத்தியாகவோ செயற்கை நூலாகவோ இருக்கும். மற்றதில் உலோகக் கம்பியே கிடையாது. உலோகப் பூச்சு ஏற்றிய பாலியஸ்டர் தாளை நாடா போல் நறுக்கிப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டாவது வகையைப் படத்தில் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடி போன்ற வெட்டும் பளபளப்பு, எல்லா இடத்திலும் ஒரே சீரான மஞ்சள், பெரிதாக்கினால் வழுவழுப்பான தட்டை நாடா ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். உலோகச் சரிகையைப் பெரிதாக்கினால் கம்பி சுற்றிய சுற்றுகள் தனித்தனியாகத் தெரியும்; இடையிடையே நடுநூலின் நிறமும் எட்டிப்பார்க்கும். பளபளப்பு அடக்கமாக, பொன்னுக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்டதாக இருக்கும்.

செம்புச் சரிகையையும் வெள்ளிச் சரிகையையும் படத்தில் பிரித்தறிவதுதான் கடினம். சிவப்பு நடுநூலைக் கண்டதும் அசல் என்று சொல்பவர்கள் உண்டு. போலிச் சரிகை செய்பவர்களுக்கும் நூலைச் சிவப்பாகத் தோய்க்கத் தெரியும் என்பதால் அந்த அடையாளம் இன்று போதாது. ஒரு சரிகை இழையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, தேய்த்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் சற்று உதவும். உள்ளே பளிச்சென்று செந்நிறம் தெரிந்தால் அது செம்புக் கம்பி. வெளிறிய வெண்மை தெரிந்தால் வெள்ளி கணிசமாக இருக்கிறது என்று கொள்ளலாம். எவ்வளவு வெள்ளி என்பதை எந்தப் படமும் சொல்லாது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அரக்கு உடல், பச்சைக் கரை, பச்சை முந்தானை. கோர்வைப் புடவை, வெள்ளிச் சரிகை என்று விவரம். விற்பவர் முதலில் அனுப்பியிருப்பது விளக்கொளியில் எடுத்த, மடித்து வைத்த புடவையின் படம். அதில் கரை கறும்பச்சையாகத் தெரிகிறது என்பதைத் தவிர அறிய எதுவும் இல்லை. இனிக் கேட்க வேண்டியவை நான்கு படங்கள்: கரை சேரும் இடம் முன்பக்கம், அதே இடம் பின்பக்கம், முந்தானை சேரும் இடம், முந்தானை ஓர இழைகள். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், ஃப்ளாஷ் கூடாது, நிறம் கூட்டும் ஃபில்டர் கூடாது. ஃப்ளாஷ் எந்தச் சரிகையையும் பிளாஸ்டிக் போல் காட்டும். நூலின் மேடுபள்ளத்தையும் அழித்துவிடும். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைத் துணிமேல் வைத்து எடுக்கச் சொல்வது நல்லது.

படங்கள் வருகின்றன. பகல் வெளிச்சத்தில் கரை கறும்பச்சையாக இல்லை, பழுப்பு ஓடிய பச்சையாக இருக்கிறது. பெரிதாக்கினால் அரக்குப் புள்ளிகள். பின்பக்கத்தில் சேரும் கோடு நேராகவும் வழுவழுப்பாகவும் ஓடுகிறது, கொக்கித் தடம் இல்லை. முந்தானையின் ஓர இழைகள் அரக்கு. ஆக, கோர்வையும் இல்லை, பெட்னியும் இல்லை. சரிகையில் கம்பிச் சுற்று தெரிவதால் பிளாஸ்டிக் அல்ல. வெள்ளியா செம்பா என்பது தீரவில்லை. நூல் பட்டா என்பதும் தீரவில்லை. ஒருவேளை அது நல்ல பட்டாகவே இருக்கலாம். ஆனால் சொன்ன விவரம் பொய் என்பது உறுதியாகிவிட்டதால், கோர்வைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கக் காரணம் இல்லை.

நூலைப் படத்தில் தீர்மானிக்க முடியாததற்குக் காரணம் எளிது. பாலியஸ்டருக்கும் பளபளப்பு உண்டு. பாவும் ஊடையும் வேறு நிறமானால் மயில்கழுத்துப் போல் நிறம் மாறிக் காட்டுவதும் உண்டு. இங்கே நம்பத் தகுந்த படம் சில்க் மார்க் அட்டையுடையது. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த இந்த முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்பதற்குச் சான்று. அட்டையில் ஹோலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். அட்டை புடவையோடு இணைந்திருப்பது தெரியும்படி படம் கேட்க வேண்டும். சரிகையின் தரத்துக்கும் கைத்தறி என்பதற்கும் இந்த முத்திரை பொறுப்பேற்பதில்லை. அட்டையைக் காட்டிவிட்டு மூன்றுக்கும் உறுதி சொல்லும் விற்பனையாளரிடம் இந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும்.

புடவை கைக்கு வந்த பிறகு ஓர இழைகளைக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி கருகிய வாசனையோடு மெதுவாக எரிந்து, விரலில் நசுங்கும் கரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். முந்தானை ஓரத்தில் கிடைப்பவை பாவு இழைகள் மட்டுமே என்பதால், ஊடை இழை ஒன்றையும் உருவித் தனியாகச் சோதிக்க வேண்டும். பாவு பட்டாகவும் ஊடை செயற்கை நூலாகவும் இருக்கும் கலப்புப் புடவை, பாவை மட்டும் எரித்துப் பார்ப்பவரிடம் தப்பிவிடும். சரிகையின் வெள்ளி அளவை அறிய நகைக்கடைகளில் தங்கத்தைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி போன்றது வேண்டும். புடவையை அறுக்காமலே அது உலோகங்களின் விழுக்காட்டைக் காட்டும். இந்தச் சோதனைகளில் விவரம் தவறு என்று தெரிந்தால் திருப்பிக் கொடுப்பதற்கு, வாங்கும்போதே ரசீதில் பட்டு, சரிகை வகை, கைத்தறி, கோர்வை என்ற நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும்.