ஏழாவது ரீல்

இது கதைதான். அதில் வருகிற அக்காவும் தம்பியும் என் கற்பனை. ஆனால் அந்த இரவில் அவர்கள் செய்கிற வேலை மட்டும் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் நிஜமாகவே நடப்பது.

எண்பதுகளில் வந்த ஒரு படத்தை மறுபடி வெளியிட வேண்டும். கிடைத்தது ஒரே ஒரு பிரிண்ட். படம் நன்றாக இருக்கிறது, ஏழாவது ரீலில் ஒலி மட்டும் போய்விட்டது. அந்தக் கால ஃபிலிமில் ஒலி என்பது படத்துக்கும் ஓரத்துளைகளுக்கும் நடுவே ஓடும் மெல்லிய கோடு. அதன் வழியே பாயும் வெளிச்சம் கூடிக் குறைவதுதான் நமக்குக் குரலாகக் கேட்கிறது. அந்தக் கோடு நெடுகக் கீறல் விழுந்தால் கரகரப்புதான் மிஞ்சும். ஆயிரம் அடி ரீல் என்றால் 11 நிமிடம். அந்த 11 நிமிடமும் கதாநாயகி சமையலறையில் நின்று பேசுகிறார்.

"அம்மாவையே கூப்பிட்டுப் பேச வெச்சுடலாமே" என்றார் தயாரிப்பாளர். அந்த நட்சத்திரம் ஓய்வுபெற்றுக் கேரளத்தில் இருக்கிறார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. படத்தில் கேட்பது அவர் குரலே இல்லை. அன்றைக்கு அது சர்வ சாதாரணம். 'மைக்' மோகனுக்குப் பல படங்களில் பேசியவர் எஸ்.என்.சுரேந்தர் என்பது பலருக்குத் தெரியும். நாயகிகளுக்குப் பேசிய பல பெண்களின் பெயர் டைட்டிலில்கூட வரவில்லை. ஆக, இன்றைய டப்பிங் கலைஞர் பிடிக்க வேண்டியது நட்சத்திரத்தின் குரலை அல்ல, பெயர் தெரியாத இன்னொரு டப்பிங் கலைஞரின் குரலை.

பகல் முழுக்க சீரியல் முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு அக்கா வருகிறார். மைக் அறையில் தனியாள். லூப் காலத்தில் ஒரு காட்சிக்கு உரியவர்கள் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் மறுபடி பேச வேண்டும். இப்போது அவரவருக்குத் தனி டிராக், தனி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தம்பி மட்டும்.

வசனத்துக்கு சென்சாருக்குக் கொடுத்த ஸ்கிரிப்ட் கிடைத்திருந்தது. அதில், 'நான் எதுவும் சொல்லலை' என்று இருக்கிறது. அக்கா பேசுகிறார். நீளம் சரியாக இருக்கிறது, லிப் ஒட்டவில்லை.

"திரும்பப் போடு தம்பி, சத்தம் இல்லாம."

திரையில் உதடு மூடுகிறது, அப்படியே வெடித்துத் திறக்கிறது. 'எதுவும்' என்னும்போது உதடு மூடும், சரி. ஆனால் 'சொல்' என்று வாய் குவிய வேண்டிய இடத்தில் திரையில் வாய் அகலமாகத் திறக்கிறது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே தீர வேண்டும். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் ஏமாற்றலாம், இவற்றில் முடியாது. நடிகை மலையாளத்தில் 'ஒன்னும் பறஞ்ஞில்ல' என்று வாயசைத்திருக்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"இந்தம்மா முன்னாடி என்ன பேசியிருப்பாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அக்கா பேசுகிறார்: "நான் ஒண்ணும் பேசலை." ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கு சந்தேகம். நல்ல நிலையில் இருந்த எட்டாவது ரீலை ஓட்டிப் பார்க்கிறான். கணவன் கோபத்தில் சொல்லிக் காட்டுகிறான்: "ஒண்ணும் பேசலைன்னு சொன்னியே!" பெயர் தெரியாத அந்தப் பெண்ணும் அன்றைக்கு மைக் முன்னால் இதே இடத்தில் இடறி, இதே சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்.

குரல் பொருந்தினாலும் ஒலி பொருந்தவில்லை. இன்றைய மைக் எல்லாவற்றையும் பளிச்சென்று பிடிக்கும். பழைய ஆப்டிகல் ஒலியில் கீச்சென்ற மேல்பகுதி மழுங்கியிருக்கும், பின்னால் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். தம்பி அந்த மேல்பகுதியைக் குறைக்கிறான். ஆறாவது ரீலில் யாரும் பேசாத இடத்திலிருந்து இரைச்சலை வெட்டி அடியில் விரிக்கிறான். அது இல்லாவிட்டால் ஏழாவது ரீல் வந்ததும் தியேட்டரில் பக்கத்து ஃபேனை நிறுத்தியது போல இருக்கும். பாத்திரச் சத்தத்தையும் புதிதாகத்தான் பதிய வேண்டும். குரல், இசை, சத்தம் எல்லாம் அந்த ஒரே கோட்டில் கலந்திருந்தவை அல்லவா. நல்லவேளை, இந்தக் காட்சிக்கு இசை இல்லை.

இரண்டு மணி சுமாருக்கு ஆறும் ஏழும் சேர்த்து ஓடுகின்றன.

"எங்க மாறுதுன்னே தெரியலைக்கா."

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. "எனக்குத் தெரியுது. அந்தம்மா ஒவ்வொரு வரிக்கு முன்னாலயும் வாயால மூச்சு இழுக்கறாங்க. நான் மூக்கால இழுக்கறேன்."

"அதை யாருக்கா கவனிப்பாங்க?"

"முதல் வரியிலிருந்து போடு."